பரிசு கொடுத்தால் வாசிப்பு குறையுமா? கோட்பாட்டிலிருந்து கருதுகோளை இறக்குவது பற்றி

பொதிகைச்சாரல்:
எம்.எட். சினாப்சிஸ்ல கருதுகோள் பகுதியை மட்டும் கைடு திருப்பிக் கொடுத்துட்டாங்க. நான் எழுதினது இதுதான்: "பரிசுகள் மாணவர்களின் வாசிப்பு ஊக்கத்தைப் பாதிக்கும்." எடுத்துக்கிட்டது டெசி, ரயான்ங்கிற ரெண்டு உளவியலாளர்களோட சுயநிர்ணயக் கோட்பாடு, மனுஷனோட ஊக்கம் எங்கிருந்து வருதுங்கிறது பத்தினது. ஓரத்துல சிவப்பு மையில "இதில் கோட்பாடு எங்கே? என்ன நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வாய்?"ன்னு எழுதியிருக்காங்க. முதல் கேள்விக்கு இரண்டாம் அத்தியாயத்துல பத்துப் பக்கம் இருக்கு. ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. அம்பாசமுத்திரம் பக்கத்து நடுநிலைப் பள்ளிகள்ல 6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகள்தான் என் மாதிரி. யாராவது வழி சொல்லுங்க.

கொக்கிரகுளத்தான்:
இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா? சூனியக் கருதுகோளா மாத்தி எழுதுங்க. "பரிசு பெற்ற, பெறாத மாணவர்களிடையே வாசிப்பு ஊக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." அப்புறம் ஆண் பெண், கிராமம் நகரம், அரசுப் பள்ளி உதவி பெறும் பள்ளின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. எட்டுக் கருதுகோள் வந்துடும். டி டெஸ்ட் சோதிக்கிறதே சூனியக் கருதுகோளைத்தான், அதனால முறைப்படியும் சரி. நம்ம பக்கத்து ஆய்வேடுகள் எல்லாமே அப்படித்தான் இருக்கு.

மேலரதவீதி:
கொக்கிரகுளத்தார் சொல்வதில் பாதி சரி. கணக்கு சோதிப்பது சூனியத்தைத்தான். ஆனால் அந்தச் சூனியம் கோட்பாட்டிலிருந்து வந்ததல்ல, கணக்கின் வசதிக்காக வந்தது. ஆண் பெண் வேறுபாடு பற்றி டெசியின் கோட்பாடு எதையும் முன்னறிவிக்கவில்லை. அந்த எட்டும் எப்படி முடிந்தாலும் கோட்பாட்டுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கைடு கேட்பது கோட்பாட்டுக்கு நட்டம் வரக்கூடிய ஒரு வாக்கியம்.

பொதிகைச்சாரல், உங்கள் வாக்கியத்தில் "பாதிக்கும்" என்ற சொல்தான் முதல் சிக்கல். கூடினாலும் பாதிப்பு, குறைந்தாலும் பாதிப்பு. இரண்டு பக்கமும் தப்பிக்கிற வாக்கியத்தைச் சோதிக்க முடியாது. ஆனால் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது, கோட்பாட்டிலிருந்தே இறங்கி வர வேண்டும்.

சுயநிர்ணயக் கோட்பாடு என்பது ஒரு பெரிய வீடு. அதற்குள்ளே பல சிறு கோட்பாடுகள் குடியிருக்கின்றன. வீடு முழுவதையும் சோதிக்க முடியாது. பரிசைப் பற்றிப் பேசுவது அதிலே ஒன்று, அறிவுசார் மதிப்பீட்டுக் கோட்பாடு. அதிலும் ஒரே ஒரு கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் ஒன்றை "என்னைக் கட்டுப்படுத்தச் செய்தது" என்று ஆள் உணர்ந்தால், தான் இஷ்டப்பட்டுச் செய்த வேலையை இப்போது வேறொன்றுக்காகச் செய்வதாக நினைக்கத் தொடங்குவார், உள்ளார்ந்த ஊக்கம் குறையும். அதையே "உனக்கு இது நன்றாக வருகிறது" என்ற செய்தியாக உணர்ந்தால் குறையாது, கூடவும் செய்யும்.

இப்போது இந்தக் கூற்றின் உள்ளே புகுந்து பாருங்கள். குறைவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? வாசிப்பில் ருசியே இல்லாத பிள்ளையிடம் கெடுக்க ஒன்றும் இல்லை. ஆகவே இது ஏற்கெனவே தானாகப் புத்தகத்தை எடுக்கிற பிள்ளைகளைப் பற்றிய கூற்று. உங்கள் வாக்கியத்தில் இந்த நிபந்தனை இல்லை. "மாணவர்கள்" என்று பொதுவாகப் போட்டால் ருசி உள்ளவர்களிடம் குறைவதும் இல்லாதவர்களிடம் கூடுவதும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சராசரி சும்மா கிடக்கும்.

அடுத்தது, கட்டுப்படுத்துவது பரிசுப் பொருள் அல்ல, முன்கூட்டியே சொல்லப்பட்ட ஒப்பந்தம். "வாசித்தால் தருவேன்" என்று முதலிலேயே சொன்னால் பிள்ளை அதற்காக வாசிக்கிறது. வாசித்து முடித்த பின் சொல்லாமல் கொடுத்தால், வாசிக்கும்போது மனதில் அது இல்லை. ஆகவே ஒரே பரிசை, ஒரு பேனா என்று வையுங்கள், இரண்டு விதமாகக் கொடுத்தால் இரண்டு விளைவு வர வேண்டும். கோட்பாடு தன் கழுத்தை நீட்டுகிற இடம் இது.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் இப்படித்தான் பிரித்தார்கள். கலர் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள 51 சிறுவர்களை மட்டும் எடுத்தார்கள். ஒரு குழுவுக்குத் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழைக் காட்டி வரையச் சொன்னார்கள். இன்னொரு குழு வரைந்து முடித்த பின் அதே சான்றிதழை எதிர்பாராமல் பெற்றது. மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் அந்தப் பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்துப் பரிசு வாங்கிய பிள்ளைகள் தங்கள் நேரத்தில் சுமார் 8.6 சதவீதம் வரைந்தார்கள். மற்ற இரண்டு குழுவும் 18.1, 16.7. பேனாவையும் சான்றிதழையும் மறந்துவிட்டு அந்த மூன்று குழுவின் அமைப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தமடைப் பாய்க்கடை:
அண்ணாச்சி, குறுக்க பேசுதேன்னு நெனைக்காதிய. நம்ம பட்டறையில ஏழு பொம்பளையாட்கள் கோரைப்பாய் நெய்யுதாவ. தீபாவளிக்கு முன்ன ஆர்டர் சாஸ்தி. பாய்க்கு இவ்வளவுன்னு கூலிக்கு மேல இன்சென்டிவ் போட்டேன், வேகம் கூடுச்சு. இப்ப நீங்க சொல்லுதத பாத்தா, இன்சென்டிவ நிறுத்துனா முன்ன நெய்ஞ்சத விட கொறஞ்சி போவுமா? அப்பம் நிறுத்தக் கூடாதோ?

மேலரதவீதி:
இந்தக் கோட்பாட்டை உங்கள் பட்டறைக்கு அப்படியே தூக்கி வர முடியாது. அந்த அம்மாக்கள் நெய்வது கூலிக்காக. கோரையை நனைத்து, கிழித்து, சாயம் ஏற்றி, தறியில் உட்காருவதில் ருசி இருக்கலாம், ஆனால் சாப்பாடும் அதில்தான் இருக்கிறது. "ஏன் செய்கிறேன்" என்ற கேள்விக்குக் கூலி என்ற பதில் முதலிலிருந்தே இருக்கிறது. இன்சென்டிவ் புதிதாக எதையும் பறிக்கவில்லை. நிறுத்தினால் வேகம் பழைய அளவுக்கு வரலாம். மனத்தாங்கல் வந்தால் அது ஊதியம் பற்றிய நியாயக் கேள்வி, அதற்கு வேறு கோட்பாடுகள் உண்டு.

ஆனால் நீங்கள் கேட்டதில் பொதிகைச்சாரலுக்கு ஒரு நல்ல இழை கிடைக்கிறது. "முன்ன நெய்ஞ்சத விட கொறஞ்சி போவுமா" என்றீர்கள். டெசிக்குப் போட்டியாக நிற்கிற கோட்பாட்டைப் பிரிக்கிற இடமும் அதுதான். பரிசு கிடைக்கிற நடத்தை கூடும் என்பது வலுவூட்டல் கோட்பாடு, அதன்படி பரிசை நிறுத்தினால் நடத்தை பழைய நிலைக்கு இறங்கும். டெசியின் கோட்பாட்டின்படி பழைய நிலைக்கும் கீழே போகும். பரிசு இருக்கும்போது கூடியது, நிறுத்தியதும் குறைந்தது என்று மட்டும் காட்டினால் இரண்டு கோட்பாடும் "நான்தான் சொன்னேன்" என்று வந்து நிற்கும். எனவே பரிசுக்கு முந்தைய அளவு, பரிசே இல்லாத குழு, பரிசு போன பிறகான அளவு, இந்த மூன்றும் வேண்டும்.

சேரன்மகாதேவி டீச்சர்:
வகுப்பறைப் பக்கத்துல இருந்து ரெண்டு சந்தேகம்.

ஒண்ணு, பரிசுக்காக ஒரு பிள்ளை ஒரு வாரத்துல அஞ்சு புத்தகம் வாசிச்சிருக்கும், பரிசு இல்லாத பிள்ளை ரெண்டு வாசிச்சிருக்கும். அடுத்த வாரம் முதல் பிள்ளை புத்தகத்தைத் தொடலன்னா அது ஊக்கம் செத்ததாலயா, வாசிச்சுச் சலிச்சதாலயா? புளியோதரை வயிறு முட்டச் சாப்பிட்டவன் அடுத்த வேளை வேண்டாம்னு சொன்னா அவனுக்குப் புளியோதரை பிடிக்கலன்னு எழுதிடலாமா?

ரெண்டு, "வாசிக்கிறாள்"னு எப்படிக் குறிப்பீங்க? என் வகுப்புல பாதிப் பேர் புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு ஜன்னல் வழியா வேப்பமரத்துல அணில் ஓடுறதைப் பாப்பாங்க. இன்னும் நாலு பேர் படம் மட்டும் புரட்டுவாங்க.

பொதிகைச்சாரல்:
நான் ஊக்க வினாத்தாள் கொடுக்கலாம்னு இருந்தேன். "எனக்கு வாசிப்பது பிடிக்கும்", அஞ்சு புள்ளி அளவுகோல். அது ஆகாதா?

மேலரதவீதி:
டீச்சரின் முதல் சந்தேகத்துக்கு வழி இருக்கிறது. பரிசு நாளில் எல்லாக் குழுவும் ஒரே கதையை ஒரே பத்து நிமிடம் வாசிக்கட்டும். ஒரு வாரம் புத்தகங்களை எண்ணி எண்ணி வாசிக்க விடாதீர்கள். வாசித்த அளவு சமமானால் சலிப்பும் சமம். மிஞ்சுகிற வித்தியாசம் பரிசை எப்படிச் சொன்னோம் என்பதில்தான் இருக்கும்.

பரிசை "முடித்தால்" என்று கட்டாமல் "பத்து நிமிடம் வாசித்தால்" என்று கட்டுங்கள். முடித்ததற்குப் பரிசு என்றால் "நீ சாதித்தாய்" என்ற செய்தியும் உள்ளே வருகிறது. கோட்பாட்டின்படி அந்தச் செய்தி எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு விசையையும் ஒரே பேனாவில் வைத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரயான் 128 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தானாகச் செய்யும் நேரத்தில் சரிவு, திட்ட விலக்க அலகில், ஈடுபட்டதற்கான பரிசில் 0.40, முடித்ததற்கான பரிசில் 0.36, திறமை காட்டியதற்கான பரிசில் 0.28 என்று கிடைத்தது. எண்கள் கிட்டத்தட்ட இருந்தாலும் வரிசை கோட்பாடு சொல்கிற வரிசைதான். இதே காரணத்துக்காக, பரிசு இல்லாத குழுவிடம் "கெட்டிக்காரிடா" என்று தட்டிக்கொடுக்கவும் கூடாது. பாராட்டும் ஒரு தலையீடு. "சரிம்மா, வகுப்புக்குப் போகலாம்", அவ்வளவுதான். எல்லாருக்கும் அதே வாக்கியம், எழுதி வைத்து வாசிக்கும் வாக்கியம்.

வினாத்தாள் பற்றி: "உள்ளார்ந்த ஊக்கம்" என்பதற்குக் கோட்பாடு தரும் பொருள், யாரும் சொல்லாதபோது, எதுவும் கிடைக்காதபோது செய்வது. அதை அப்படியே கண்ணால் பார்க்க முடியும்போது ஏன் கேட்க வேண்டும்? வாசிப்பது பிடிக்குமா என்று டீச்சர் மாதிரி ஒருவர் கேட்டால் பிள்ளைகள் நான்கு, ஐந்துதான் போடுவார்கள். அந்தத் தொகுப்பிலும், பிள்ளைகளும் மாணவர்களும் தாங்களே சொன்ன ஆர்வத்தில் பொருள் பரிசின் விளைவு மிகவும் சிறிது. வினாத்தாளை வைத்துக்கொள்ளுங்கள், முதன்மை அளவாக வேண்டாம்.

சேரன்மகாதேவி டீச்சர்:
அப்ப கவனிப்புத் தாளை இப்படிப் போடலாம். மதிய இடைவேளைக்குப் பிறகு 15 நிமிஷம். மேசையில கதைப் புத்தகம், கலர் பென்சிலும் வெள்ளைத்தாளும், கட்டைப் புதிர். சிறுவர் பத்திரிகை வைக்காதீங்க, அதுவும் வாசிப்புதான், கணக்கு குழம்பிடும். ஒரு கவனிப்பாளருக்கு அஞ்சு பிள்ளைகள். பத்து விநாடிக்கு ஒரு பிள்ளைன்னு சுத்தி வந்தா ஒரு பிள்ளையை 50 விநாடிக்கு ஒரு தடவை பாக்கலாம். 15 நிமிஷத்துல ஒரு பிள்ளைக்கு 18 பார்வை. ரெண்டு நாள் செஞ்சா 36. கண்ணு பக்கத்து மேல இருந்தா 1. பக்கம் புரட்டுற கை நடுவுல இருந்தாலும் 1. புத்தகம் விரிஞ்சிருந்து கண்ணு அணில் மேல இருந்தா 0. படமா எழுத்தான்னு தூரத்துல இருந்து பிரிக்க முடியாது, அதை முன்கூட்டியே ஒத்துக்கிட்டு ரெண்டையும் 1-ன்னே வச்சிடுங்க. கவனிப்பாளருக்கு எந்தப் பிள்ளை எந்தக் குழுன்னு தெரியக் கூடாது. சில அமர்வுகளை ரெண்டு பேர் தனித்தனியாக் குறிச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஒத்துப்போகலன்னா விதியில ஓட்டை இருக்கு.

பொதிகைச்சாரல்:
எழுதிப் பாத்தேன். சரியா சொல்லுங்க:

"வாசிப்பில் ஆரம்ப ஆர்வம் அதிகமுள்ள மாணவர்களிடம் எதிர்பார்த்த பரிசு தன்விருப்ப வாசிப்பைக் குறைக்கும். ஆரம்ப ஆர்வம் குறைந்த மாணவர்களிடம் குறைக்காது."

ரெண்டு பகுதியும் கோட்பாட்டுல இருந்து வருது, அதனால ரெண்டையும் வச்சேன்.

கொக்கிரகுளத்தான்:
கருதுகோள் அழகா இருக்கு, ஆனா கணக்கைப் பாருங்க. 0.40 அளவு விளைவை 80 சதவீத வாய்ப்போட, 5 சதவீத மட்டத்துல, இருபக்கச் சோதனையில பிடிக்க ஒரு குழுவுக்கு சுமார் 100 பேர் வேணும். திசையை முன்கூட்டியே எழுதி ஒருபக்கமா சோதிச்சா 78. இது ரெண்டு குழுவை ஒப்பிட.

நீங்க எழுதினது "இங்க குறையும், அங்க குறையாது". அதாவது ரெண்டு வித்தியாசங்களுக்கு நடுவுல உள்ள வித்தியாசம். அதுல பிழையோட வேரியன்ஸ் ரெண்டு மடங்கு. இருபக்கச் சோதனைன்னா ஒரு கட்டத்துக்கு 200 பேர், ஆர்வம் ரெண்டு வகை, பரிசு ரெண்டு வகைன்னு நாலு கட்டம், 800 பிள்ளைகள். ஆர்வமுள்ளவங்க கட்டத்துல மட்டும் விளைவு வந்து மத்ததுல வரலன்னு பாத்து, "வித்தியாசம் நிரூபணம்"னு எழுதுறவங்க நிறைய. அது தப்பு. அந்த வித்தியாசத்தோட வித்தியாசத்தை, அதாவது குறுக்கு விளைவைத் தனியாச் சோதிக்கணும்.

இன்னொண்ணு, "ஏ பிரிவுக்குப் பரிசு, பி பிரிவுக்கு இல்ல"ன்னு வகுப்பாப் பிரிச்சுடாதீங்க. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே டீச்சரால ஒரே மாதிரி ஆகியிருப்பாங்க. வகுப்புக்குள்ள ஒற்றுமை 0.1 இருந்து ஒரு வகுப்புல 40 பேர்னா, தேவையான எண்ணிக்கை 1 + 39 × 0.1, அதாவது 4.9 மடங்கு ஆகும். 100 வேணும்னா 490. வகுப்புக்கு உள்ளேயே சீட்டுக் குலுக்கிப் பிரிங்க.

மேலரதவீதி:
இதற்கு நன்றி, முதலில் சொன்னதைவிட இது பலமடங்கு பயன். ஆகவே பொதிகைச்சாரல், ஆர்வம் குறைந்தவர்களை இந்த ஆய்வில் விட்டுவிடுங்கள். ஆர்வம் என்பதை ஒப்பிடும் மாறியாக வைக்காமல் நுழைவு நிபந்தனையாக வையுங்கள்.

ஆனால் அங்கே ஒரு குழி இருக்கிறது. முதல் கவனிப்பில் அதிகம் வாசித்தவர்களை மட்டும் பொறுக்கினால், அவர்களில் சிலர் அன்றைக்கு மட்டும் தற்செயலாக அதிகம் வாசித்தவர்கள். அடுத்த தடவை எதுவும் செய்யாமலே அவர்கள் சராசரியை நோக்கி இறங்குவார்கள். பரிசுக் குழுவை மட்டும் முன்பின் பார்த்தால் அந்த இறக்கத்தைக் கோட்பாட்டின் வெற்றி என்று எண்ணிவிடுவீர்கள். பரிசு இல்லாத குழுவும் அதே அளவு இறங்கும், எனவே ஒப்பிட வேண்டியது பின் அளவில் குழுவுக்குக் குழு. கருதுகோள் வாக்கியத்தில் "முன்பைவிட" என்று எழுதாமல் "பரிசு இல்லாத குழுவைவிட" என்று எழுதச் சொல்வதும் இதனால்தான். வலுவூட்டலின் கணிப்பும் அப்போது தெளிவாகும்: பரிசு போனபின் இரண்டு குழுவும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

முண்டந்துறை:
ஒன்று கேட்கிறேன். இவ்வளவும் செய்து, சரிவு வரவில்லை என்று வையுங்கள். கோட்பாடு தோற்றதா? "பேனா சின்னது, பிள்ளைகள் கட்டுப்படுத்தப்பட்டதாக உணரவில்லை" என்று சொல்லிவிடலாமே. கேமரானும் பியர்ஸும் 1994-இல் தங்கள் தொகுப்பில் பரிசால் பொதுவாக ஊக்கம் கெடவில்லை என்றார்கள். அதற்கு மறுமொழியாக வந்ததுதான் நீங்கள் சொல்கிற 1999 தொகுப்பு. எந்த ஆய்வைச் சேர்ப்பது, எந்த வேலையைச் சுவையானதாக வகைப்படுத்துவது என்பதிலேயே இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை.

மேலரதவீதி:
சரியான கேள்வி. கோட்பாடு தனியாக முன்கணிப்பு தருவதில்லை. "பேனா ஒரு பரிசாகப் படும்", "முன்னறிவிப்பைக் கட்டுப்பாடாக உணர்வார்கள்", "பத்து நாள் கழித்தும் அது நிற்கும்" என்ற துணை அனுமானங்கள் கூடவே வருகின்றன. முடிவு எதிராக வந்தால் பழியை இவற்றில் ஒன்றின் தலையில் போடலாம். அதைத் தடுக்க வழி, முன்பே அவற்றை எழுதி, சரிபார்க்க முடிந்தவற்றைத் தனியாகச் சரிபார்ப்பது. பரிசு நாளில் கடைசியில் ஒரே கேள்வி: "இப்போ எதுக்காக வாசிச்ச?" பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள். எதிர்பார்த்த குழுவில் பேனா பேச்சே வரவில்லை என்றால் தலையீடு எட்டவில்லை, கோட்பாடு சோதிக்கப்படவே இல்லை. பேனாவுக்காக என்று சொல்லியும் சரிவு இல்லை என்றால், அடி கோட்பாட்டின் மேல்தான் விழும். ஆனாலும் கேள்வி கேட்பதே பிள்ளையின் மனதில் பேனாவை ஊன்றிவிடும் என்பதால் ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேரிடம் மட்டும் கேட்பேன்.

கேமரான், பியர்ஸ் சர்ச்சையைப் பொறுத்தவரை அது தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

பொதிகைச்சாரல்:
இப்போ இப்படி நிக்குது:

"6, 7-ஆம் வகுப்பில், முதல் கவனிப்பின் 36 பார்வையில் குறைந்தது 12-இல் வாசித்த மாணவர்களுள், பத்து நிமிடம் வாசித்தால் பேனா என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள், பத்து நாள் கழித்துப் பரிசு ஏதும் இல்லாத இரண்டு அமர்வுகளில், பரிசு பெறாதவர்களையும் எதிர்பாராமல் பேனா பெற்றவர்களையும் விடக் குறைந்த பார்வைகளில் வாசிப்பார்கள்."

எதிர்பார்த்த குழு மற்ற ரெண்டுக்கும் சமமாவோ மேலயோ வந்தா தப்புன்னு ஒத்துக்குவேன். 12-ங்கிற எல்லையை முன்னோட்டத்துல பாத்து முடிவு பண்ணலாம்னு இருக்கேன். ஆய்வு முடிஞ்சதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேனா. தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் ரெண்டுக்கும் கடிதம் தயார்.

மேலரதவீதி:
இது கோட்பாட்டின் பிள்ளை. எல்லை எண்ணை முன்னோட்டத்தில் முடிவு செய்து, பிரதான ஆய்வுக்கு முன் தேதி போட்டு கைடிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு மாற்றக் கூடாது.

சேரன்மகாதேவி டீச்சர்:
ஒரு இடம் இன்னும் உறுத்துது. முதல் பிள்ளை எதிர்பாராம பேனா வாங்கிட்டு வகுப்புக்குள்ள போனா, அடுத்த பிள்ளைக்கு அது எதிர்பாராத பரிசா இருக்காது. பரிசு இல்லாத பிள்ளையும் "எனக்கு எங்க?"ன்னு கேக்கும். பேனாவை உறையில போட்டு, பள்ளி விடுற மணிக்கு வாசல்ல கொடுத்தா அன்னைக்குத் தப்பிக்கலாம். மறுநாள் ஊரே பேசும். கடைசிப் பீரியட்ல நாலு அறையில ஒரே நேரத்துல, அறைக்கு ஒரு பிள்ளைன்னு மூணு சுத்து நடத்தினா ஒரு நாளைக்கு 12 பிள்ளைகள். ஒரு பள்ளிக்கு ஒரே நாள்னா, குழுவுக்கு 100 வீதம் மூணு குழுவுக்கான 300 பேருக்கு 25 பள்ளி.

பொதிகைச்சாரல்:
25 பள்ளி என்னால முடியாது டீச்சர். எதிர்பாராத குழுவை எடுத்துட்டா ரெண்டு குழு, ஒருபக்கச் சோதனைக்கு 156 பேர், 13 பள்ளி. ஆனா அப்ப பேனா கெடுத்ததா, பேனாவைச் சொன்ன விதம் கெடுத்ததான்னு பிரிக்க முடியாம போகுமே?

மேலரதவீதி:
போகும். வலுவூட்டலின் கணிப்பிலிருந்து பிரியும், "பேனா வாங்கினாலே கெடும்" என்பதிலிருந்து பிரியாது. இரண்டு குழுவோடு நிறுத்தினால் கருதுகோளிலிருந்து அந்தப் பாதியையும் எடுத்துவிட வேண்டும். அல்லது இன்னொரு எம்.எட். மாணவரோடு பள்ளிகளைப் பங்கு போடலாமா என்று கைடிடம் கேளுங்கள்.

பொதிகைச்சாரல்:
திங்கள்கிழமை பாளையங்கோட்டை போறேன், கேட்டுட்டு வந்து எழுதுறேன்.